பகுதி நேர பிஎச்.டி.க்கு கம்பெனி கொடுத்த என்.ஓ.சி. திரும்பி வந்துவிட்டது, எந்த வரியில் தப்பு?

ஓசூர் மல்லிகை (திங்கள், இரவு 10.12)

எல்லாருக்கும் வணக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பிரிவில் 8 வருஷமா வேலை பார்க்கிறேன். பகுதி நேர பிஎச்.டி.க்கு நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலும் முடிஞ்சது. கைடும் சரின்னு சொல்லிட்டார். இப்போ சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிக்குது. "பணிபுரியும் நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம் யூ.ஜி.சி. விதிப்படி இல்லை, 10 வேலை நாளுக்குள் திருத்திய கடிதம் தரவும்"னு மெயில். அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்லை.

எச்.ஆரில் மூணு வாரம் நடந்து வாங்கின கடிதம் இது. பெயர், பதவி போக மீதி இவ்வளவுதான்:

"இவர் அலுவலக நேரத்திற்கு வெளியே, தம் சொந்தப் பொறுப்பில், பகுதி நேரமாக உயர்கல்வி தொடர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இதனால் நிறுவனப் பணிக்கு எவ்வித இடையூறும் வரக்கூடாது. இதன்பொருட்டுத் தனி விடுப்போ நேரச் சலுகையோ வழங்கப்படாது."

எச்.ஆர். சார்கிட்ட திரும்பப் போனா, "ஆட்சேபணை இல்லைன்னு தெளிவா எழுதிக் கொடுத்தாச்சே, இன்னும் என்னம்மா எழுதணும்?"னு கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியலை. இன்னைக்கே ரெண்டு நாள் போயிடுச்சு.

---

வேலூர் சிவா (திங்கள், இரவு 10.47)

மேடம், இது பல்கலைக்கழக ஆபீஸில் யாரோ வேணும்னு இழுக்கிறாங்க. நான் 2019-ல பகுதி நேரமா சேர்ந்தேன். என் கடிதமும் கிட்டத்தட்ட இதேதான். "ஆட்சேபணை இல்லை"ன்னு ஒரே வரி, கீழே மேனேஜர் கையெழுத்து, சீல். ஒரு கேள்வியும் கேட்கலை. நேர்ல போய் செக்ஷன்ல பேசுங்க, வாங்கிப்பாங்க.

அதுவும் முடியலைன்னா முழு நேரம்னு மாத்திக்கலாமான்னு கைடுகிட்ட கேளுங்க. முழு நேரத்துக்கு என்.ஓ.சி.யே வேண்டாம்.

---

கோப்பு மேசை (செவ்வாய், காலை 6.20)

அம்மா, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் 19 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கடிதங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். உங்கள் கடிதம் என்னிடம் வந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். காரணம் சொல்கிறேன்.

சிவா தம்பி சொல்வது அவர் சேர்ந்த வருஷத்துக்குச் சரி. அப்போது நடப்பில் இருந்தது 2016-ஆம் வருஷத்து விதி. பகுதி நேரத்துக்கு அனுமதி உண்டு என்பதோடு அது நின்றுவிட்டது. கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று அதில் இல்லை, அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் வழக்கப்படி வாங்கிக்கொண்டது. 2022 நவம்பரில் யூ.ஜி.சி. புது விதி போட்டது. அதில் கடிதம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது.

ஒன்று, இவர் பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார் என்பது. இரண்டாவது, இவருடைய அலுவல் ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் ஒதுக்க இடம் தருகிறது என்பது. மூன்றாவது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிப்பதற்காக இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பது.

இப்போது உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் விஷயம் இருக்கிறது. இரண்டாவது இல்லவே இல்லை. மூன்றாவதற்கு நேர் எதிராக, விடுப்போ நேரச் சலுகையோ கிடையாது என்றே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அப்படி வரும் கடிதத்தில் அந்தக் கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்போம். வெறும் "ஆட்சேபணை இல்லை" என்ற கடிதத்தை விட இது மோசம். அது சொல்லாமல் விடுகிறது, இது மறுக்கிறது.

முழு நேரமாக மாறும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டு அதை மறைத்து முழு நேரம் என்று பதிவு செய்தவர்களின் கோப்பைப் பார்த்திருக்கிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் புகார் எழுதுவார், அதோடு பிடிக்கும். நாலு வருஷ உழைப்பு அந்த ஒரு தாளில் நின்றுபோகும்.

---

ஓசூர் மல்லிகை (செவ்வாய், காலை 7.05)

ஐயா, ரொம்ப நன்றி. இப்பத்தான் விளங்குது. ஆனா அந்த மூணாவது வரியை எச்.ஆர். எழுதவே மாட்டார். "பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்"னு சொன்னாலே சம்பளத்தோட அனுப்பணும்னு நினைப்பார். எங்க பிரிவில் ஏ, பி, சி மூணு ஷிப்ட். ஏற்கெனவே ஆள் பத்தலை.

---

மயிலை ராம் (செவ்வாய், காலை 9.31)

நானும் இதே குழப்பத்தில் இருக்கேன். ஐ.டி.யில் வேலை, தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. சேரலாம்னு இருக்கேன். நானும் இந்த மூணு வரிக் கடிதம் வாங்கணுமா? எங்க எச்.ஆர். மெயிலுக்குப் பதில் போடவே ஒரு மாசம் ஆகும்.

---

கோப்பு மேசை (செவ்வாய், காலை 9.58)

ராம் தம்பி, இல்லை. நான் எழுதிய விதி பிஎச்.டி.க்கு மட்டும். தொலைநிலை எம்.பி.ஏ.வுக்கு அது பொருந்தாது. உங்கள் நியமன ஆணையில் "வேறு படிப்பில் சேரும் முன் அனுமதி பெற வேண்டும்" என்று ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விஷயம்.

---

ஆள்சேர்ப்பு அண்ணாச்சி (செவ்வாய், மதியம் 1.15)

தங்கச்சி, நான் கோவையில ஒரு ஃபேக்டரி எச்.ஆரில் இருக்கேன். உங்க எச்.ஆர். பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன், அது தெரிஞ்சாத்தான் அவர்கிட்ட பேச முடியும்.

எங்களுக்கு மூணு பயம். சம்பளத்தோட லீவு கேட்பாங்களோங்கிறது ஒண்ணு. ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேர் இந்தக் கடிதத்தைக் காட்டிக்கிட்டு வருவாங்களேங்கிறது இன்னொண்ணு. மூணாவதை யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க. நீங்க தரப் பிரிவில் இருக்கீங்க, எங்க ரிஜக்ஷன் கணக்கு, கஸ்டமர் டிராயிங் எல்லாம் உங்க ஆய்வேட்டில் போயிடுமோன்னு பயம். அதனாலதான் "சொந்தப் பொறுப்பில்"னு போட்டிருக்கார்.

விதியில் "விடுவிக்கப்படுவார்"னுதானே இருக்கு? சம்பளத்தோடன்னு இல்லையே. அதனால நான் எழுதும்போது "தேவைப்படும் நாட்களில், அவர் கணக்கில் உள்ள விடுப்பிலோ சம்பளமில்லா விடுப்பிலோ விடுவிக்கப்படுவார்"னு எழுதுவேன். போன வருஷம் எங்க டிசைன் பிரிவுத் தம்பிக்கு அப்படித்தான் கொடுத்தோம், ஏத்துக்கிட்டாங்க. ஐயா, இது சரிதானே?

ரகசியம் பத்தின வரியை என்.ஓ.சி.யில் போட வேண்டாம். அதைத் தனி உறுதிமொழியா நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. "ஆய்வில் கம்பெனித் தரவு சேர்த்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குவேன்"னு ரெண்டு வரி போதும். இதை நீங்களா முதல்ல நீட்டினா எச்.ஆர். பாதி இறங்கி வந்திடுவார்.

---

கோப்பு மேசை (செவ்வாய், மாலை 4.40)

அண்ணாச்சி சொன்ன வாசகம் நல்ல வாசகம். விடுவிக்கிறோம் என்ற சொல் இருக்க வேண்டும், அது எந்த விடுப்பில் என்பது கம்பெனியின் விருப்பம். நான் இருந்தவரை அதை ஏற்றுக்கொண்டோம்.

அம்மா, எச்.ஆரிடம் எத்தனை நாள் என்ற கணக்கோடு போங்கள். "கோர்ஸ் ஒர்க்" என்று மட்டும் சொன்னால் அவர் ஆறு வருஷமும் என்று நினைத்துக்கொள்வார். விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று வைத்தால் 180 மணி நேரம். சனிக்கிழமை மட்டும் வகுப்பு, ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 30 சனிக்கிழமை. இரண்டு செமஸ்டராகப் பிரித்தால் ஒன்றுக்கு 15. உங்கள் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரத்தவருக்கு எந்தக் கிழமை வகுப்பு என்று முதலில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் வார நாளில்தான் நடக்கும், அப்போது இந்தக் கணக்கே மாறிவிடும். ஆய்வு ஆலோசனைக் குழு ஒப்புக்கொண்டால் சில கிரெடிட்டை இணையவழிப் பாடமாகவும் முடிக்கலாம்.

அதற்குப் பிறகு செமஸ்டருக்கு ஒரு முறை அந்தக் குழுவின் முன் போய் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். அதையும் இப்போதே வாயால் சொல்லி வைத்துவிடுங்கள்.

---

தஞ்சை டீச்சர் (செவ்வாய், இரவு 8.22)

என் அனுபவத்தையும் சொல்றேன், யாருக்காவது உதவும். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கடிதத்தில் மூணு வரியும் அட்சரம் பிசகாம இருந்தது. ஆனாலும் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டது தலைமையாசிரியை. என் நியமன ஆணையில் இருப்பது பள்ளிச் செயலர் கையெழுத்து. "உரிய அதிகாரி" யார்னா நம்மை வேலைக்கு வச்சவங்கன்னு சொல்லிட்டாங்க. செயலர் அப்போ சென்னையில் இருந்தார். ராத்திரி பஸ் ஏறிப் போய், அவங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கிட்டு வந்தேன்.

அக்கா, உங்க கடிதத்தில் யார் கையெழுத்து?

---

ஓசூர் மல்லிகை (செவ்வாய், இரவு 9.03)

டீச்சர், நல்லவேளை கேட்டீங்க. போட்டது எங்க பிளான்ட் எச்.ஆர். உதவி மேலாளர். என் நியமன ஆணையில் இருப்பது எச்.ஆர். தலைவர். அவர் உட்கார்றது பெங்களூரு ஆபீஸில்.

---

கோப்பு மேசை (செவ்வாய், இரவு 9.30)

கம்பெனி என்றால் நாங்கள் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. எச்.ஆர். மேலாளர் போட்டால் எடுத்துக்கொள்வோம், டீம் லீடர் போட்டால் மாட்டோம். ஆனால் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரே வாய்ப்பு. தலைவரிடமே வாங்கிவிடுங்கள். நிறுவனத்தின் தாள், தேதி, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாள், பணியாளர் எண், எந்தத் துறையில் பிஎச்.டி. என்ற விவரம், கையெழுத்துக்குக் கீழே அவர் பெயரும் பதவியும். உங்கள் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்களின் கடிதம் இதனாலேயே எத்தனையோ நின்றிருக்கிறது.

---

ஒப்பந்தக்காரன் (செவ்வாய், இரவு 11.48)

ஐயா, என் கேஸ் வேற. நான் ஒரு பெரிய ஆலையில் 6 வருஷமா வேலை பார்க்கிறேன், ஆனா சம்பளம் போடுறது கான்ட்ராக்டர். வேலை வாங்குறது, ஷிப்ட் போடுறது எல்லாம் ஆலைக்காரங்க. என்.ஓ.சி. யார்கிட்ட வாங்கணும்? கான்ட்ராக்டர் உடனே கொடுத்திடுவார். ஆனா "விடுவிக்கப்படுவார்"னு அவர் எழுதினா அதுக்கு என்ன மதிப்பு? ஆலைக்காரன் விடணுமே.

---

வேலூர் சிவா (புதன், காலை 8.10)

கோப்பு மேசை ஐயா, 2022 விதி எனக்குத் தெரியாம பேசிட்டேன், மன்னிக்கணும். முழு நேரம்னு மாத்தச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கறேன். மேடம், அதைப் பண்ணிடாதீங்க.

ஒரு சந்தேகம். இப்போ ரெண்டு படிப்பு ஒரே நேரத்தில் படிக்கலாம்னு யூ.ஜி.சி. சொல்லிடுச்சே, அப்போ வேலையோட படிக்கிறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

---

கோப்பு மேசை (புதன், காலை 8.45)

அது வேறு, தம்பி. இரண்டு படிப்பு சேர்ந்து படிக்கலாம் என்ற 2022 வழிகாட்டுதல் பிஎச்.டி.யைத் தொடவில்லை. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. ஒரு ஆண்டில் சேர்ந்த பகுதி நேரத்தவரில் பல பேர் கோர்ஸ் ஒர்க் வகுப்புக்கு வர முடியாமல் வருகைப் பதிவில் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "மேனேஜர் விடலை சார்." கோர்ஸ் ஒர்க்கில் குறைந்தது 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆராய்ச்சியைத் தொடர முடியும். அந்த மூன்றாவது வரி, நீங்கள் வகுப்புக்குப் போகும் நாளில் உங்கள் மேனேஜரிடம் எடுத்துக் காட்டுவதற்கு.

ஒப்பந்தக்காரன் தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. சம்பளப் பட்டியலில் யார் பெயரோ அவர்தான் காகிதத்தில் உங்கள் முதலாளி, பல்கலைக்கழகம் அவர் கடிதத்தைத்தான் கேட்கும். நீங்கள் சொல்லும் சிக்கலும் உண்மைதான். ஆலையின் துறைத் தலைவரிடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இடத்தில் அது நடந்தது.

---

ஒப்பந்தக்காரன் (புதன், காலை 9.20)

ஆலைக்காரங்க எழுத்தில் எதுவும் கொடுக்க மாட்டாங்க ஐயா. கொடுத்தா நான் அவங்க ஆளுன்னு ஆயிடுமோன்னு பயப்படுவாங்க. இந்த நிலையில் வேற யாராவது சேர்ந்திருந்தா சொல்லுங்க.

---

ஓசூர் மல்லிகை (வெள்ளி, இரவு 11.30)

இன்னைக்கு நடந்ததைச் சொல்லிடறேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். என் துறையில் பகுதி நேரத்தவருக்குச் சனிக்கிழமைதான் வகுப்பு. அப்புறம் என் சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட உட்கார்ந்து ஷிப்ட் அட்டவணையைப் பார்த்தோம். எங்களுக்கு வார விடுமுறை ஞாயிறு. அதை எனக்கு மட்டும் ரெண்டு செமஸ்டருக்குச் சனிக்கு மாத்தினா லீவே எடுக்க வேண்டாம், ஞாயிறு மெயின்டனன்ஸ் நாளில் தரப் பிரிவுக்கு ஒரு ஆள் வேணும், அதை நான் பார்த்துக்கலாம்னு அண்ணன்தான் கண்டுபிடிச்சார். ஒரே இடைஞ்சல், வெள்ளிக்கிழமை சி ஷிப்ட். அது சனி காலை 7 மணிக்குத்தான் முடியும். அந்த வெள்ளிகளில் மட்டும் என்னை ஏ ஷிப்ட்டில் போடறதா அவரே எச்.ஆருக்கு மெயில் அனுப்பினார்.

அதையும், அண்ணாச்சி சொன்ன ரகசிய உறுதிமொழியையும் எடுத்துக்கிட்டு எச்.ஆர். சார்கிட்ட போனேன். 30 சனிக்கிழமைங்கிற கணக்கைக் காட்டினதும் அவர் முகமே மாறிடுச்சு. "இவ்வளவுதானா? நான் ஆறு வருஷமும்னு நினைச்சேன்"னு சொன்னார். ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

புதுக் கடிதத்தின் வரைவு ஆங்கிலத்தில். பொருளை இங்கே தமிழில் போடறேன், பார்த்துச் சொல்லுங்க:

"இவர் பகுதி நேரமாகப் பிஎச்.டி. பயில அனுமதிக்கப்படுகிறார். இவருடைய அலுவல் ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் ஒதுக்க இடமளிக்கிறது. கோர்ஸ் ஒர்க்கை முடிக்கத் தேவைப்பட்டால், வார விடுமுறையை மாற்றியோ, அவர் கணக்கில் உள்ள விடுப்பிலோ, சம்பளமில்லா விடுப்பிலோ பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். இந்த அனுமதி மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பணித் தேவையைப் பொறுத்து எந்நேரமும் திரும்பப் பெறும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு."

---

ஆள்சேர்ப்பு அண்ணாச்சி (சனி, காலை 6.55)

கடைசி ரெண்டு வரியும் இடிக்குது தங்கச்சி. அனுப்பிடாதீங்க.

---

கோப்பு மேசை (சனி, காலை 7.10)

ஆமாம். மூன்று ஆண்டு என்பது பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சக் காலம். அதற்கு முன்னால் முடிக்கவே முடியாது, வேலையில் இருப்பவர் மூன்றில் முடிப்பது மிக அரிது. அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. "படிப்பு முடியும் வரை" என்று போடச் சொல்லுங்கள். காலம் குறித்தே ஆக வேண்டும் என்றால் "இவர் இந்நிறுவனத்தில் பணியில் உள்ளவரை" என்று போடட்டும். அது கம்பெனிக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் நீங்கள் வேறு வேலைக்குப் போனால் அங்கே புதுக் கடிதம் வாங்கித்தான் ஆக வேண்டும்.

திரும்பப் பெறும் வரியைச் சில இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் என்றால் நிறுத்துவேன். முதல் மூன்று வரியில் கொடுத்ததை எல்லாம் கடைசி வரி பிடுங்கிக்கொள்கிறது.

---

ஓசூர் மல்லிகை (புதன், மாலை 6.15)

பெங்களூருவிலிருந்து கையெழுத்தான கடிதம் திங்கள் காலை வந்தது. "பணியில் உள்ளவரை"ன்னு மாத்திட்டாங்க. திரும்பப் பெறும் வரியை எடுக்கச் சட்டப் பிரிவு ஒத்துக்கலை. ரொம்பக் கேட்டதுக்கு அப்புறம் "மூன்று மாத முன்னறிவிப்புடன், கோர்ஸ் ஒர்க் காலம் தவிர"ன்னு சேர்த்தாங்க. அன்னைக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செக்ஷனில் இருந்த அம்மா மூணு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படிச்சாங்க. நாலாவதில் கொஞ்ச நேரம் நின்னாங்க. ஒண்ணும் சொல்லாம சீல் போட்டு உள்ளே வச்சிட்டாங்க.

இன்னைக்கு மெயில் வந்திடுச்சு. தற்காலிகப் பதிவு கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை முதல் வகுப்பு.

---

தஞ்சை டீச்சர் (புதன், இரவு 7.40)

வாழ்த்துகள் அக்கா! அந்தக் கடிதத்தில் நாலு நகல் எடுத்து, ஒண்ணை உங்க ஷிப்ட் சூப்பர்வைசர்கிட்ட கொடுத்து வைங்க. ஆள் மாறினா புது ஆளுக்கு இது எதுவும் தெரியாது.

---

ஒப்பந்தக்காரன் (வியாழன், காலை 5.50)

வாழ்த்துகள் மேடம். என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கு. கான்ட்ராக்ட்டில் இருந்துகிட்டே பதிவு வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எனக்குக் கடைசித் தேதிக்கு இன்னும் 3 வாரம் இருக்கு.